பஞ்சிலிருந்து கிணற்றுக்கு: பிரிட்ஜ் விளக்கத்தை மூன்று முறை திருத்தி எழுதிய அனுபவம்

மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கலில் வெப்பவியல் பாடத்துக்கு அக மதிப்பீடாக மூன்று நிமிட விளக்கப் படம் ஒன்று செய்யச் சொன்னார்கள். பொறியியல் படிக்காதவருக்கும் புரிய வேண்டும் என்பதே நிபந்தனை. நாங்கள் மூன்று பேர். நண்பன் ஒருவன் காட்சிகளை வரைந்தான், இன்னொருத்தி அவற்றை அசையவைத்தாள், பேச்சை நான் எழுதினேன். பிரிட்ஜ் எப்படிக் குளிர்விக்கிறது என்பது எங்கள் தலைப்பு. இப்படி ஒரு வேலை உங்களுக்கு வந்தால் உதவட்டும் என்று, நான் எழுதி அடித்த வரிகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதல் வரைவில் நான் எழுதியது இது: "குளிர்பதன வாயு ஒரு பஞ்சு மாதிரி. உள்ளே இருக்கும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். கம்ப்ரஸர் அந்தப் பஞ்சைப் பிழியும். வெப்பம் வெளியே வந்துவிடும்." காதுக்கு நன்றாகத்தான் இருந்தது. நண்பன் வரைந்த படமோ வேறு மாதிரி. வெப்பநிலையை உயரமாக வைத்திருந்தான். குளிர்ந்த பகுதி தாளின் அடியில், சூடான பகுதி மேலே. கம்ப்ரஸர் என்பது கீழிருந்து மேலே ஏறும் அம்பு. பின்பக்கக் கம்பி வலை, அதாவது கண்டென்ஸர், தாளின் உச்சியில் இருந்தது. வெப்பம் வெளியேறும் சிவப்பு அம்புகள் அங்கிருந்துதான் கிளம்பின.

படத்தையும் பேச்சையும் சேர்த்து ஓட்டியபோது கண் ஒரு கதை கேட்டது, காது வேறொன்று கேட்டது. பஞ்சைப் பிழிந்த இடத்தில்தான் தண்ணீர் கொட்ட வேண்டும். படத்தில் கம்ப்ரஸரிலிருந்து ஒன்றும் கொட்டவில்லை. கொட்டியதெல்லாம் அடுத்த கட்டத்தில் இருந்த கண்டென்ஸரில். படம் சரி, பேச்சுதான் தவறு. கம்ப்ரஸர் வாயுவின் அழுத்தத்தையும் வெப்பநிலையையும் ஏற்றுகிறது. ஏறிய பிறகு அறைக் காற்றைவிட அது சூடாக இருப்பதால்தான் கண்டென்ஸரில் வெப்பம் தானாக வெளியேறுகிறது. பிழிவது என்று அங்கே எதுவும் நடப்பதில்லை.

எவ்வளவு தவறு என்று பார்க்க, விடுதியில் வேறு துறைகளில் படிக்கும் ஆறு பேருக்குப் போட்டுக் காட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டோம். மூடிய அறையில் பிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்து நாள் முழுக்க ஓடவிட்டால் அறை குளிருமா, சூடாகுமா, அப்படியே இருக்குமா? நான்கு பேர் குளிரும் என்றார்கள். "புரிந்ததா?" என்று கேட்டிருந்தால் ஆறு பேரும் தலையாட்டியிருப்பார்கள். விடை படத்தில் நேராகச் சொல்லப்படாத, ஆனால் புரிந்திருந்தால் தானே வந்துவிடும் கேள்வி ஒன்றை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் எல்லாத் திருத்தமும் அந்த ஒரு கேள்வியிலிருந்து பிறந்தவைதான்.

இந்த வரைவின் தொடக்கத்தில் மண்பானையும் இருந்தது. பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகி உள்ளிருக்கும் நீரைக் குளிர்விக்கிறது என்பது உண்மை. ஆனால் அம்மா பார்த்துவிட்டு, "அப்போ பானைத் தண்ணி மாதிரி கேஸும் குறைஞ்சுகிட்டே வருமா? வருஷா வருஷம் ஏத்தணுமா?" என்று கேட்டார். பானையில் ஆவி காற்றோடு போய்விடும். எங்கள் படத்தில் இருந்ததோ மூடிய வளையம். கசிவு இல்லாதவரை கேஸ் குறைவதே இல்லை. பானையை அன்றே எடுத்துவிட்டேன்.

அடுத்து எழுதும்போது உவமையை மனதில் தேடாமல் நண்பனின் தாளில் தேடினேன். உயரம் வெப்பநிலை என்றால், கீழிருந்து மேலே ஏறி, கொட்டிவிட்டு, மறுபடி இறங்கும் பொருள் நம் வாழ்க்கையில் எது? கிணற்று வாளி. கிணற்றில் தண்ணீர் ஃப்ரீசருக்குள் இருக்கும் வெப்பம். வாளி கேஸ். கயிற்றை இழுப்பவர் கம்ப்ரஸர். மேலே உள்ள தொட்டி நம் அறை.

இதற்கு மேல்தான் எண்கள் தேவைப்பட்டன. வீட்டு பிரிட்ஜ்களில் இப்போது பரவலாக இருப்பது ஆர்-600ஏ எனும் ஐசோபியூட்டேன். காற்றழுத்தத்தில் அது சுமார் −12 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஃப்ரீசரின் உள்ளே −18 டிகிரி வேண்டும் என்றால், அதைச் சுற்றியுள்ள குழாயில் கேஸ் அதைவிடக் குளிராக, சுமார் −25 டிகிரியில் கொதிக்க வேண்டும். அறை 32 டிகிரி என்றால் கண்டென்ஸர் அதைவிடச் சூடாக, 45 டிகிரி அளவில் இருக்க வேண்டும். நண்பன் ஒரு டிகிரிக்கு 2 மில்லிமீட்டர் என்று அளவு வைத்துப் புதிதாக வரைந்தான். வாளியின் மொத்த ஏற்றம் 70 டிகிரி, தாளில் 14 சென்டிமீட்டர். கிணற்றின் நீர்மட்டம் −18இல். வாளி அதற்கு 1.4 சென்டிமீட்டர் கீழே மூழ்கியிருக்கிறது. தொட்டியின் விளிம்பு 32இல். வாளி அதற்கு 2.6 சென்டிமீட்டர் மேலே வந்துதான் கவிழ்கிறது.

பேச்சு இப்படி மாறியது: "வாளி நிறைய வேண்டுமானால் நீர்மட்டத்துக்குக் கீழே மூழ்க வேண்டும். அதனால்தான் குழாயில் ஓடும் கேஸ் ஃப்ரீசரைவிடக் குளிராக இருக்கிறது. மேலே கொட்ட வேண்டுமானால் தொட்டி விளிம்பைத் தாண்டி உயர வேண்டும். அதனால்தான் பிரிட்ஜின் பின்பக்கம் அறையைவிடச் சூடாக இருக்கிறது." ஒவ்வொரு வாக்கியமும் தாளில் உள்ள ஒரு கோட்டைத் தொட்டது. விரலை வைத்துக் காட்டவே முடியாத வாக்கியங்களை அடித்துவிட்டேன். "குளிர் உள்ளே பரவுகிறது" என்ற வரி அப்படித்தான் போனது. படத்தில் எல்லா அம்புகளும் வெளியே போகும்போது உள்ளே வருவதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

வாளி ஏன் கீழே நிறைகிறது, மேலே காலியாகிறது என்பதற்கு மட்டும் கிணறு போதாது. கேஸ் கீழே கொதித்து ஆவியாகும்போது வெப்பத்தை வாங்குகிறது, மேலே திரவமாகும்போது கொடுத்துவிடுகிறது. ஒரே பொருள் −25இல் கொதித்து 45இல் திரவமாவது அழுத்தத்தால்தான். கீழே சுமார் 0.6 பார், மேலே சுமார் 6 பார். இதற்குப் பிரஷர் குக்கரைக் கொண்டுவந்தேன். அழுத்தம் கூடினால் 100 டிகிரியில் கொதிக்கும் நீர் 120 டிகிரி வரை போய்த்தான் கொதிக்கிறது. ஆனால் நண்பன் குக்கரின் கீழே அடுப்புத் தீயையும் வரைந்திருந்தான். பார்த்தவர்கள் கம்ப்ரஸரை அடுப்பு என்று நினைத்தார்கள். தீயை எடுத்துவிட்டு, மூடியில் அழுத்தமானியும் பக்கத்தில் வெப்பமானியும் மட்டும் வைத்தோம். இரண்டு முள்ளும் சேர்ந்து ஏறும், சேர்ந்து இறங்கும். எட்டு விநாடிக் காட்சி, அவ்வளவுதான்.

இரண்டாவது வரைவை வேறு ஆறு பேருக்குக் காட்டினோம். இந்தமுறை யாரும் குளிரும் என்று சொல்லவில்லை. ஆனால் நான்கு பேர், "அறை அப்படியே இருக்கும்" என்றார்கள். ஏன் என்று கேட்டோம். "கதவைத் திறந்துவிட்டால் தொட்டியும் கிணறும் ஒன்றாகிவிடுகிறது. எடுத்த தண்ணீரை அதே கிணற்றில் கொட்டினால் மட்டம் மாறாதே" என்றாள் ஒருத்தி. உவமையை அவள் மிகச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தாள். உவமைதான் அந்த இடத்தில் ஓட்டை. கயிறு இழுப்பவரின் உழைப்பு வாளிக்குள் தண்ணீராகச் சேர்வதில்லை. கம்ப்ரஸர் எடுக்கும் மின்சாரமோ வெப்பமாக மாறி அறைக்குத்தான் வருகிறது. உள்ளிருந்து 100 வாட் வெப்பத்தை எடுக்க 60 வாட் மின்சாரம் செலவானால் அறைக்கு வருவது 160 வாட். ஆகவே கதவு திறந்த பிரிட்ஜ் அறையைச் சூடாக்கும்.

இதைக் கிணற்றுக்குள்ளேயே அடக்க இரண்டு நாள் முயன்றேன். இழுப்பவரின் வியர்வை வாளியில் சொட்டுவதாகக்கூட எழுதிப் பார்த்தேன். எதுவும் பொருந்தவில்லை. கடைசியில் பேச்சிலேயே, "கிணற்றை இங்கே விட்டுவிடுவோம், அது சொல்லாத ஒன்று இருக்கிறது" என்று எழுதினேன். படத்திலும் கிணறு மறைந்து மூன்று அம்புகள் மட்டும் வந்தன. உள்ளிருந்து வருவது 10 மில்லிமீட்டர் அகலம், மின்சாரம் 6, வெளியே போவது 16. முதல் இரண்டும் ஒட்டி மூன்றாவதாகின. மூன்றாவது குழுவில் ஆறில் ஐந்து பேர் சரியான விடை சொன்னார்கள். உவமை முடியும் இடத்தைப் பேச்சும் படமும் ஒரே விநாடியில் காட்டியதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பேச்சு மட்டும் மாறி, திரையில் கிணறு நின்றிருந்தால் பார்ப்பவர் கிணற்றையேதான் நம்பியிருப்பார்.

இறங்கும் வாளியிலும் ஒரு நுணுக்கம் இருந்தது. 45 டிகிரியில் இருக்கும் திரவம், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான உள்விட்டம் கொண்ட கேப்பிலரிக் குழாய் வழியே அழுத்தம் இழந்து −25க்கு வர வேண்டும். தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்ள அதில் ஒரு பகுதி வழியிலேயே கொதித்துவிடும். கணக்கிட்டுப் பார்த்தால் அது 40 சதவீதத்துக்குச் சற்று மேல். அதாவது வாளி காலியாகப் போய்ச் சேர்வதில்லை, ஏறக்குறைய பாதி நிறைந்தே அடியை அடைகிறது. இதைக் குறைக்கத்தான் கேப்பிலரியைக் கம்ப்ரஸருக்குத் திரும்பும் குளிர்ந்த குழாயோடு ஒட்டி வைக்கிறார்கள். மூன்று நிமிடத்தில் இதைப் பேச இடமில்லை. ஆனாலும் படத்தில் இறங்கும் வாளியின் அடியில் கொஞ்சம் நீர் வரையச் சொன்னேன். பேச்சில் சொல்லாததைப் படம் பொய்யாகக் காட்டிவிடக் கூடாதல்லவா. கம்ப்ரஸரை விட்டு வெளிவரும் வாயு 45ஐத் தாண்டி இன்னும் சூடாக இருக்கும் என்பதை மட்டும் முழுக்க விட்டுவிட்டோம். அதைக் காட்டியிருந்தால் வாளி ஒருமுறை எகிறி இறங்க வேண்டியிருக்கும், பார்ப்பவர் அதற்கு ஒரு காரணம் தேடுவார்.

வாய்மொழித் தேர்வில் அந்த வாளி நீர்தான் கைகொடுத்தது. பின்பக்கம் தூசி படிந்தாலோ சுவரோடு ஒட்டி வைத்தாலோ என்ன ஆகும் என்று சார் கேட்டார். நான் காட்சித்தாளை எடுத்து, உச்சியில் இருந்த வாளியை 55 டிகிரிக்கு நகர்த்தி வரைந்தேன். அதே வெப்பத்தை மோசமான வழியில் தள்ள அவ்வளவு உயரம் தேவை. ஏற்றம் 70லிருந்து 80 ஆகிறது, மின்சாரம் கூடுகிறது. "அவ்வளவுதானா?" என்றார். இறங்கும் வாளியில் நீர்மட்டத்தைப் பாதிக்கு உயர்த்திக் காட்டினேன். 55இலிருந்து இறங்கும் திரவத்தில் பாதி வழியிலேயே கொதித்துவிடும், அடியில் மொண்டுகொள்ள மிஞ்சும் இடம் இன்னும் குறைவு. அவர் தாளைத் தன் பக்கம் திருப்பிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.