சம்பளத்தை உயர்த்திக் கேட்டு நான் அனுப்பிய சிறு கடிதம்

வேலை கிடைத்துவிட்டது, நியமனக் கடிதமும் வந்துவிட்டது. அதிலிருந்த ஆண்டுச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரித்துப் பார்த்தால் உறுதியான பகுதி 85தான். மீதி 15, நிறுவனம் தன் ஆண்டு இலக்கை எட்டினால் கிடைக்கும் ஊக்கத்தொகை. அது என் கையில் இல்லாத கணக்கு. எனவே உறுதியான பகுதியைப் பற்றி மட்டும் பேசுவது என்று முடிவு செய்தேன்.

இதே பொறுப்புக்குச் சம்பளம் குறிப்பிட்டு வெளியான விளம்பரங்களைத் தேடி, என் அளவு அனுபவம் கேட்டவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். சில விளம்பரங்களில் ஊக்கத்தொகையும் சேர்ந்திருந்தது, அவற்றை ஒதுக்கினேன். எஞ்சியவற்றில் உறுதியான சம்பளம் 90 முதல் 105 வரை இருந்தது. ஆள்சேர்ப்பு முகவர் ஒருவரும் அதே அளவைத்தான் சொன்னார்.

என்னிடம் பேசிய மனிதவள அதிகாரிக்குச் சம்பளத்தை உயர்த்தும் அதிகாரம் இருக்க வாய்ப்பில்லை. என் கடிதத்தை அவர் துறைத் தலைவருக்கும் நிதிப் பிரிவுக்கும் அனுப்பப்போகிறார். என்னைப் பார்த்தே இராத ஒருவர் படித்தாலும் விளங்க வேண்டும் என்று எண்ணி இப்படி எழுதினேன்:

“வாய்ப்புக்கு நன்றி. இந்தப் பணியில் சேர விரும்புகிறேன். உறுதியான சம்பளத்தை 85இலிருந்து 100 ஆக உயர்த்தக் கேட்டுக்கொள்கிறேன். சேவையை நிறுத்தாமல் தரவுத்தளத்தைப் புதிய அமைப்புக்கு மாற்றுவதே முதல் ஆண்டின் முக்கிய வேலை என்று நேர்காணலில் சொன்னீர்கள். அதே பணியை இப்போதைய நிறுவனத்தில் பொறுப்பேற்று முடித்திருக்கிறேன். இதே அனுபவம் கேட்கும் விளம்பரங்களில் உறுதியான சம்பளம் 90 முதல் 105 வரை உள்ளது. இதற்கு ஒப்புதல் கிடைத்தால் உடனே கையெழுத்திடுகிறேன்.”

எனக்குத் தெரிந்த மற்றத் திறன்களையெல்லாம் அடுக்கவில்லை. அவர்களே தேவை என்று சொன்ன ஒன்றை மட்டும் எடுத்தேன். வீட்டு வாடகை, கடன் பற்றியும் ஒரு சொல் இல்லை. அவற்றை வைத்து நிதிப் பிரிவு எந்தத் தொகைக்கும் ஒப்புதல் தராது. 95 முதல் 100 வரை என்று கேட்டிருந்தால் பேச்சு 95இல் தொடங்கியிருக்கும் என்பதால் ஒரே எண்ணைச் சொன்னேன். கடைசி வரிதான் அதிகம் உதவியது என்று நினைக்கிறேன். ஒப்புதல் தந்த பிறகு இவர் இன்னும் கேட்பாரோ என்ற தயக்கம் அவர்களுக்கும் இருக்குமல்லவா?

பதில் தொலைபேசியில் வந்தது. அந்தப் பதவி நிலைக்கு உச்சவரம்பு 94 என்றும், குறைகிற 6ஐச் சேரும்போது ஒருமுறைத் தொகையாகத் தருவதாகவும் சொன்னார்கள். 94 அடுத்த உயர்வுக்கும் அடிப்படையாகும். அந்த 6 முதல் ஆண்டோடு முடிந்துவிடும். ஓராண்டுக்குள் விலகினால் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. நாமே விலகினால் மட்டுமா, அவர்கள் அனுப்பினாலுமா என்று கேட்டேன். நாமாக விலகினால் மட்டும் என்றார்கள். அதையும் சேர்த்துத் திருத்திய கடிதம் வந்த பிறகே பழைய வேலையில் ராஜினாமாவைக் கொடுத்தேன்.