ஃபேன்ல இருந்து சைக்கிள் வீலுக்கு: 18 டிகிரில வந்து நின்ன ஒரு மேட்ச் கட்

ஒரு ஷாட்ல இருக்குற உருவமும் அசைவும் அடுத்த ஷாட்லயும் அப்படியே தொடர்ற மாதிரி வெட்டுறதுதான் மேட்ச் கட், என் படத்துல மூணு வாரமா இழுத்துட்டு இருந்த அப்படி ஒரு கட் நேத்து ராத்திரி ஒரு வழியா உக்காந்துடுச்சு. ரூம்ல படுத்திருக்குற அப்பா மேல ஓடுற ஃபேனைப் பாத்துட்டு இருக்கார், கரண்ட் போயி ஃபேன் மெதுவாகுது, அங்கருந்து நேரா வெளிய வேற ஒரு இடத்துல தலைகீழா கவுத்து வச்ச சைக்கிளோட முன் வீல், அவர் பொண்ணு பஞ்சர் ஒட்டி முடிச்சு சுத்தி விட்டுப் பாக்குறா. நடுவுல ஒரு ஷாட் இன்னொண்ணுக்குள்ள கரையுற டிஸால்வ் இல்ல, ஒண்ணும் இல்ல, வெறும் கட். பேப்பர்ல எழுதுறப்போ ரெண்டும் வட்டம், ரெண்டும் சுத்துது, வேற என்ன வேணும்னு நினைச்சேன். எடுத்துப் பாத்தப்பதான் தெரிஞ்சது வட்டம் பொருந்துறது இதுல சின்ன வேலைன்னு.

முதல்ல ஃபேனை ஃபுல் ஸ்பீடுல விட்டு எடுத்தேன். வீடியோல அது ரிவர்ஸ்ல ஓடுது. கேமரா கோளாறு இல்ல, கணக்கே அப்படித்தான் வரும். நிமிஷத்துக்கு 300 சுத்துன்னா செகண்டுக்கு 5 சுத்து, நான் எடுக்குறது 25 ஃப்ரேம், அப்போ ஒரு ஃப்ரேமுக்கு 72 டிகிரி நகருது. மூணு றெக்கைக்கும் நடுவுல 120 டிகிரிதான் இடைவெளி, அதனால ஒரு றெக்கை 72 டிகிரி முன்னாடி போறதுக்குள்ள அதுக்குப் பின்னாடி வர்ற றெக்கை பழைய இடத்துக்கு 48 டிகிரி கிட்ட வந்து நிக்குது, மூணும் ஒரே மாதிரி இருக்குறதால நம்ம கண்ணு கிட்ட இருக்குறதத்தான் சேத்துப் பாக்கும், அதான் பின்னாடி ஓடுற மாதிரி தெரியுது. மூணு றெக்கை ஃபேன்ல ஃப்ரேமுக்கு 60 டிகிரிய தாண்டுனாலே இந்தப் பிரச்சனை வந்துடும். ஸ்பீடு குறைஞ்சு வர்றப்போ கட் பண்றதுதான் சரின்னு முடிவு பண்ணினேன், கரண்ட் போற ஐடியாவே இதுக்காக கதைக்குள்ள வந்ததுதான், இப்போ படத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடமே அதுதான்.

அடுத்து வீல். வீல்ல 36 ஸ்போக்ஸ், எல்லாம் மெல்லிசு, சுத்தும்போது வெறும் புகை மாதிரி ஆயிடுது. ஃபேன்ல கண்ணு றெக்கையத்தான் பிடிச்சிட்டு இருக்கு, கட் ஆன உடனே பிடிச்சுக்க ஒண்ணும் இல்லாம போயிடுது, அதனால ஸ்பீடு ஒண்ணா இருந்தும் ஒண்ணா தெரியல. 12 ஸ்போக்குக்கு ஒரு இடம்னு எண்ணி, றெக்கை அகலத்துக்கு மூணு கருப்பு அட்டைப் பட்டை வெட்டி, ஹப்ல இருந்து ரிம் வரைக்கும் ஸ்போக்ஸ்குள்ள கோத்து விட்டேன். ஃபேன் மோட்டார் மூடிக்கு ஈடா ஹப் மேல ஒரு உள்ளங்கை அளவு வட்ட அட்டை. பொண்ணோட சைக்கிள்ங்குறதால அலங்காரம் மாதிரியே இருந்துச்சு, யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க.

தூரம் கணக்குப் போட்டே வச்சேன். ஃபேன் 48 இஞ்ச், லென்ஸ்ல இருந்து 2 மீட்டர். வீல் 26 இஞ்ச், அதே லென்ஸ்னா 1.1 மீட்டர் கிட்ட வச்சா ஃப்ரேம்ல அதே அளவு வந்துடும். ஃபேனுக்கு நேர் கீழ கேமரா இல்லைன்னா வட்டம் முட்டை மாதிரி ஆயிடும், அப்புறம் வீலையும் அதே சாய்வுல எடுக்கணும், அந்தத் தலைவலியே வேணாம்னு ரெண்டையும் நேரா வச்சேன். ஒரு டிரான்ஸ்பரன்ட் ஷீட்டை மானிட்டர் மேல ஒட்டி மார்க்கர்ல ஃபேன் வட்டத்தையும் நடுப்புள்ளியையும் வரைஞ்சு வச்சுக்கிட்டேன், வெளிய வந்து வீலை அந்த வட்டத்துக்குள்ள உக்கார வச்சா போதும். மிச்சம் இருக்குற சின்ன விலகலை எடிட்ல சரி பண்ணிக்கலாம், 4கே எடுத்து 1080ல போடுறதால இடம் இருக்கு.

இங்க ஒரு டேக் முழுசா வீணாச்சு. வீலுக்குப் பின்னாடி செடி, கருப்பா இருந்துச்சு. ஃபேன் வெள்ளை சீலிங்ல கருப்பா தெரியுது, வீல் கருப்புல கருப்பா கரைஞ்சு போச்சு, ஓவர்லே போட்டுப் பாத்தா அளவு அச்சா பொருந்துது, ஆனா ஓட விட்டா கட் தடுக்குது. உருவம் பொருந்துனா பத்தாது, எது இருட்டு எது வெளிச்சம்னு அதுவும் அப்படியே பொருந்தணும். சைக்கிளைத் தூக்கி ஒரு வெள்ளைச் சுவர் முன்னாடி வச்சதும் சரியாச்சு. திசையும் கவனிக்கணும், கீழ இருந்து பாத்தா என் ஃபேன் கடிகார முள்ளுக்கு எதிரா சுத்துது, வீலையும் அப்படியே சுத்தச் சொன்னேன். சைக்கிள் ரோட்டுல ஓடுற ஷாட்டா இருந்திருந்தா திரையில வலது பக்கத்துல இருந்து இடது பக்கம்தான் போயாகணும், அது அடுத்த ஷாட் எல்லாத்தையும் மாத்தியிருக்கும்.

இப்போ அந்த ஒரு ஃப்ரேம் விஷயம், ரெண்டு ராத்திரி இதுலதான் போச்சு. ஒரு றெக்கை மேல 12 மணி இடத்துக்கு வந்து மறுபடி அங்க வர எத்தனை ஃப்ரேம்னு எண்ணினேன். 20 ஃப்ரேமுக்கு ஒரு சுத்து வர்ற இடத்தை ஃபேன்ல பிடிச்சேன், வீல் கிளிப்லயும் பட்டையை வச்சு எண்ணி அதே 20 வர்ற இடம். ஃப்ரேமுக்கு 18 டிகிரி. ஃபேனோட கடைசி ஃப்ரேம்ல றெக்கை 12 மணில, வீலோட முதல் ஃப்ரேம்லயும் பட்டை 12 மணில. ரெண்டு படத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் காட்டுற டிஃபரன்ஸ் மோட்ல போட்டா ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணு மேல ஒண்ணு. அவ்ளோ துல்லியமா பொருந்தியும் ஓட விட்டா கட்ல ஒரு விக்கல். ஸ்பீடை மாத்திப் பாத்தேன், 5 சதவீதம் கூட்டி, குறைச்சு, ஒண்ணும் நடக்கல. அப்புறம் ஃப்ரேம் ஃப்ரேமா நகத்துறப்போதான் பட்டுச்சு, ஒரே இடம் ரெண்டு ஃப்ரேம் வருதுன்னா அங்க சுத்துறது ஒரு ஃப்ரேம் நின்னுதானே போகுது! வீலோட முதல் ஃப்ரேம் 12 மணில இருக்கக் கூடாது, அதுக்கு 18 டிகிரி தள்ளி இருக்கணும். வீல் கிளிப்போட முன்னாடி ஒரே ஒரு ஃப்ரேமை வெட்டினேன், விக்கல் காணாம போச்சு. ஸ்டில்லா வச்சுப் பாத்தா பொருந்தாத மாதிரி இருக்கும், ஓடும்போதுதான் பொருந்தும். கைய நீட்டி எடுக்குற மாதிரி ஆக்‌ஷன் கட்ல ரெண்டு ஃப்ரேம் திரும்ப வர விடுவாங்களே, அதையும் போட்டுப் பாத்தேன், சீரா சுத்துற பொருள்ல அது அப்பட்டமா தெரியுது.

ப்ளர் பத்தியும் சொல்லிடுறேன். ஃபேனை ரூம் உள்ள எடுத்தது 1/50 ஷட்டர்ல, ஃப்ரேம் நேரத்துல பாதி, அதனால றெக்கை ஒவ்வொரு ஃப்ரேம்லயும் 9 டிகிரிக்கு இழுபடுது. வெளிய வெயில்ல ஆட்டோல விட்டா ஷட்டர் 1/1000க்குப் போயி பட்டை கத்தி மாதிரி கூர்மையா வருது, இடம் மாறினது அங்கயே காட்டிக் கொடுத்துடும். ஷட்டரை 1/50ல லாக் பண்ணி, லென்ஸுக்குள்ள வர்ற வெளிச்சத்தைக் குறைக்குற என்டி16 ஃபில்டர் போட்டேன். முதல்ல ஆன்லைன்ல ஒருத்தர்கிட்ட விலை கம்மியா, திருகித் திருகி இருட்டைக் கூட்டுற ஒரு வேரியபிள் என்டி வாங்கினேன், கொஞ்சம் இறுக்குனாலே படத்துக்கு நடுவுல எக்ஸ் மாதிரி கருப்பு விழுது, அதுலயும் வட்டத்துக்கு நடுவுலயே. திருப்பி எடுக்க மாட்டேன்னுட்டார். வாங்குறதா இருந்தா ஃபிக்ஸட் என்டியே வாங்குங்க.

சவுண்டு இன்னும் பாக்கி. ஃபேன் ஓசையை கட் தாண்டி ஒரு 10 ஃப்ரேம் இழுத்து வீல் சத்தத்துக்குள்ள கரைக்கணும், பட்டை ஸ்போக்ல உரசுற டிக் டிக் சத்தம் தனியா பதிவு பண்ணி வச்சிருக்கேன், அது றெக்கை கடக்குற தாளத்துலயே வருதான்னு இனிமேதான் பாக்கணும். அதுக்குள்ள மனசு அடுத்ததுக்குப் போயிடுச்சு, கதவு சாத்துறதுல இருந்து புக் பக்கம் புரட்டுறதுக்கு. அங்க டிகிரி கணக்கு மட்டும் போதாது, கதவு ஓரமும் பக்கத்தோட ஓரமும் ஃப்ரேமுக்கு எத்தனை பிக்சல் நகருதுன்னு எண்ணணும்னு தோணுது, கதவை மட்டும் இப்பவே நாலு ஸ்பீடுல எடுத்து வச்சுட்டேன்.