மஞ்சள்தூளில் சாயம்: நான்கு மாதச் சோதனைக் குறிப்பு

முதலில் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். தீபாவளி முடிந்த வாரம், எதிர்வீட்டு அக்கா கொடுத்த மஞ்சள்தூளில் சாயம் இருக்கிறது என்று அவரிடமே போய்ச் சொன்னேன். ஒரு சிட்டிகைத் தூளைச் சோதனைக் குழாயில் போட்டு, கொஞ்சம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விட்டுக் குலுக்கி, தெளிந்த மஞ்சள் கரைசலில் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டு சொட்டாக விட்டேன். ரத்தச் சிவப்பாக மாறியது. அமிலம் விட்டால் சிவந்தால் மெட்டானில் மஞ்சள் என்ற சாயம் கலந்திருக்கிறது என்று எங்கோ படித்தது மட்டும் மனதில் இருந்தது.

அக்கா சிரித்துவிட்டார். "விரலி மஞ்சளா வாங்கி, நானே காய வெச்சு, மில்லுல பக்கத்துலயே நின்னு அரைச்சது தம்பி. நடுவுல எவன் வந்து சாயம் கலந்தான்?"

பதில் என்னிடம் இல்லை. அந்தக் கேள்விதான் இந்த நான்கு மாத வேலைக்குக் காரணம்.

கோளாறு எங்கே என்பது அன்று இரவே பாதி புரிந்தது. மஞ்சளின் இயற்கை நிறமான குர்க்குமினும் அடர் அமிலத்தில் சிவக்கும். சாதாரணப் புளிப்பில் அது மஞ்சளாகவே இருக்கும். புளிக்குழம்பு சிவப்பாவதில்லையே. ஆனால் அமிலம் மிகவும் கடுமையானால், பி.எச். 0-க்கும் வெகு கீழே போனால், சிவக்கத் தொடங்கும். ஆக, கலப்படமே இல்லாத மஞ்சளும் என் சோதனையில் 'தோற்றுப் போகும்'. சாயமே இல்லாத மஞ்சள் ஒன்றையும், சாயம் நிச்சயமாக இருக்கும் மஞ்சள் ஒன்றையும் பக்கத்தில் வைக்காமல் செய்த சோதனை அது.

சாயமே இல்லாத மஞ்சளுக்கு எங்கே போவது? கடையில் வாங்கும் விரலியையும் முழுதாக நம்ப முடியாது. வேகவைத்துக் காயவைத்த விரலியை உருளையில் போட்டு மெருகேற்றும்போதே மேலே நிறம் தூவுவது உண்டு. வங்கதேசத்தில் ஈய குரோமேட் என்ற நச்சு மஞ்சள் நிறமி நுழைந்ததும் அந்த மெருகேற்றும் கட்டத்தில்தான். அக்காவின் விரலியும் கடையில் வாங்கியதுதான் என்பதால், அவர் மில்லில் பக்கத்திலேயே நின்றதால் மட்டும் சந்தேகம் தீராது.

வழி பொங்கலுக்குக் கிடைத்தது. பானையில் கட்டிய மஞ்சள் கொத்தை யாரும் எடுத்துப் போவதற்குள் கிழங்கை வெட்டி எடுத்துக்கொண்டேன். நான்கு வீட்டுக் கொத்துகளைச் சேர்த்து முக்கால் கிலோ தேறியது. முக்கால் மணி நேரம் வேகவைத்து, மெல்லிய வில்லைகளாக நறுக்கி, மொட்டை மாடியில் ஐந்து நாள் காயவைத்து, மிக்ஸியில் அரைத்தேன். நூற்று நாற்பது கிராம் வந்தது. கடைத் தூளுக்குப் பக்கத்தில் வைத்தால் மங்கலாக, கொஞ்சம் பழுப்பாகத்தான் தெரிந்தது. ஆனால் இதில் யாரும் எதையும் கலக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அது போதும்.

சாயம் உள்ள மஞ்சளை நானே தயாரித்தேன். ஆய்வகப் பொருள் கடையில் மெட்டானில் மஞ்சள் சின்னப் புட்டியில் கிடைக்கும். என் நகைத் தராசு 0.01 கிராம் வரைதான் காட்டும், மில்லிகிராமை அதில் நிறுக்க முடியாது. அதனால் 0.1 கிராம் சாயத்தை 100 மில்லி தண்ணீரில் கரைத்தேன். அதில் ஒரு மில்லி எடுத்தால் ஒரு மில்லிகிராம் சாயம் கையில் வந்துவிடும். அதை ஒரு கிராம் பொங்கல் மஞ்சளில் ஊற்றிக் காயவைத்தால் 0.1 சதவீதக் கலப்படம். அதே கரைசலைப் பத்து மடங்கு, நூறு மடங்கு நீர்க்கச் செய்து 0.01, 0.001 சதவீதத்துக்கும் மாதிரிகள் செய்தேன். தொப்பி போட்ட புட்டிகளில் பெயர் எழுதி, சமையலறைப் பக்கமே வராமல் வைத்தேன். இவை உணவு அல்ல.

அப்புறம் முதல் சோதனையையே எல்லாவற்றிலும் திரும்பச் செய்தேன். பொங்கல் மஞ்சளும் சிவந்தது. அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். ஒரு டம்ளர் காபி கிடைத்தது.

அந்தச் சிவந்த குழாய்களில் தண்ணீர் விட்டால்தான் வித்தியாசம் தெரிகிறது. ஒரு மில்லி ஆல்கஹால் கரைசல், ஒரு மில்லி அடர் அமிலம், அதன்மேல் எட்டு மில்லி தண்ணீர். பொங்கல் மஞ்சள் உடனே மஞ்சளுக்குத் திரும்பி, கலங்கலாகவும் ஆனது. குர்க்குமின் தண்ணீரில் கரையாது, அதனால் கலங்கல். 0.1 சதவீத மாதிரியிலோ மஞ்சள் கலங்கலுக்குள் கத்தரிப்பூ கலந்த இளஞ்சிவப்பு நின்றது.

இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது, நான் விழுந்தேன். இன்னும் தெளிவாகப் பார்க்கலாமே என்று அந்தக் கரைசலில் ஒரு மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் ஊற்றினேன். இளஞ்சிவப்பு காணாமல் போய் மஞ்சளானது. மெட்டானில் மஞ்சள் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு மாறும் இடம் பி.எச். 1.2-க்கும் 2.3-க்கும் இடையில். என் பத்து மில்லியில் அமிலம் லிட்டருக்கு ஒரு மோல் அளவில் இருந்தது, அது பி.எச். 0-க்குப் பக்கம். அங்கே குர்க்குமின் மஞ்சள், சாயம் சிவப்பு. ஆயிரம் மடங்கு நீர்த்ததும் பி.எச். 3-க்குப் போய்விட்டது, அங்கே இரண்டும் மஞ்சள். 'தண்ணீர் விட்டும் நிறம் நின்றால் சாயம்' என்று பொதுவாகச் சொல்வது எவ்வளவு தண்ணீர் என்று சொல்லாதவரை அரைகுறை. தாராளமாக ஊற்றினால் கலப்படத் தூளும் தேறிவிடும்.

இவ்வளவும் புரிந்த பிறகு, குர்க்குமினை ஏன் கரைசலுக்குள் இழுத்து வந்து, பிறகு அதோடு மல்லுக்கட்ட வேண்டும் என்று தோன்றியது. ஆல்கஹால் இரண்டையும் கரைக்கும். தண்ணீர் சாயத்தை மட்டும் கரைக்கும். முதலிலேயே தண்ணீரில் இறக்கியிருக்க வேண்டியது.

வெந்நீர் வேகமாக இழுக்கும் என்று நினைத்தேன், கஞ்சியானது. மஞ்சளில் மாவுச்சத்து ஏராளம், வடிதாள் அடைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் நாலு சொட்டுதான் இறங்கியது. குளிர்ந்த தண்ணீரில் நன்றாக வந்தது. ஒரு கிராம் தூள், பத்து மில்லி தண்ணீர், ஒரு நிமிடம் குலுக்கல், அரை மணி நேரம் அசையாமல் வைத்தல், மேலே தெளிந்ததை மட்டும் வடிகட்டுதல். பொங்கல் மஞ்சளின் வடிநீர் வெளிறிய மஞ்சள். 0.1 சதவீத மாதிரி எலுமிச்சை மிட்டாய் நிறம்.

அந்த வெளிறிய மஞ்சளையும் எடுக்க, வடிநீரில் அதே அளவு எத்தில் அசிட்டேட் விட்டுக் குலுக்கினேன். தப்பி வந்த குர்க்குமின் மேல் அடுக்குக்கு ஏறிவிடும். உப்பு வடிவச் சாயம் கீழே தண்ணீரிலேயே தங்கும். கீழ் அடுக்கில் இரண்டு மில்லி எடுத்து அரை மில்லி அமிலம் விட்டபோது, 0.1 சதவீதம் பளிச்சென்று கத்தரிப்பூ சிவப்பு. 0.01 சதவீதம் வெள்ளைத் தாளை பின்னால் பிடித்துப் பார்த்தால் ஐயமில்லாத இளஞ்சிவப்பு. 0.001 சதவீதத்தில், இருக்கிறது என்று தெரிந்து பார்த்தால் இருப்பதுபோல் இருந்தது. என் மனைவியிடம் பெயர் மறைத்துக் கொடுத்தேன். மூன்று முறையில் இரண்டு முறை பொங்கல் மஞ்சளைத்தான் 'சிவப்பு' என்றார். ஆக என் எல்லை 0.01 சதவீதம், கிலோவுக்கு 100 மில்லிகிராம்.

இத்தனை கண்ணாடிக் குழாய் இல்லாமலும் பார்க்க ஒரு சின்ன வழி கிடைத்தது, இப்போது பெரும்பாலும் அதைத்தான் செய்கிறேன். வடிதாளை நனைத்து, நடுவில் ஒரு சிட்டிகைத் தூளை வைத்துப் பத்து நிமிடம் விட்டுவிடுவது. குர்க்குமின் தூளோடு இடத்திலேயே கிடக்கும். சாயம் தண்ணீரோடு ஊர்ந்து சுற்றிலும் மஞ்சள் வளையமாகப் பரவும். வளையத்தின் ஒரு பக்கம் நீர்த்த அமிலம் ஒரு சொட்டு (நான்கு பங்கு தண்ணீரில் ஒரு பங்கு அடர் அமிலத்தை ஊற்றியது), மறுபக்கம் சலவைச் சோடாக் கரைசல் ஒரு சொட்டு. சுண்ணாம்பு பட்டதும் மஞ்சள் சிவப்பதை ஆரத்தித் தட்டில் எல்லோரும் பார்த்திருப்போம், சோடாவிலும் குர்க்குமின் அதே மாதிரி செம்பழுப்பாகும். மெட்டானில் மஞ்சள் சோடாவில் மஞ்சளாகவே நிற்கும். சோடாவுக்கு அசையாமல் அமிலத்துக்குச் சிவக்கும் வளையம்தான் நாம் தேடுவது. நிறத்தை இரண்டு நிமிடத்துக்குள் பார்த்துவிட வேண்டும். தாள் காயக் காய அமிலம் அடர்ந்துகொண்டே போகும், பழைய குழப்பம் திரும்பி வரும். கழிவறை ஆசிட்டில் இதைச் செய்ய வேண்டாம். அதில் இரும்பு இருப்பதால் அதுவே மஞ்சளாக இருக்கும். எந்த அமிலமானாலும் கையுறையோடு, மாடியில், காற்றோட்டத்தில்.

வளையம் நல்ல மஞ்சளாக விரிந்து, அமிலத்துக்கும் சோடாவுக்கும் அசையவே இல்லை என்றால் அது சுத்தம் என்று பொருள் இல்லை. டார்ட்ரசின் போன்ற வேறு சாயம் அப்படித்தான் இருக்கும்.

இந்த வழி மொத்தமாகக் கோட்டைவிடுவது ஈய குரோமேட்டை. அது தண்ணீரிலும் கரையாது, ஆல்கஹாலிலும் கரையாது, எந்த வளையமும் வராது. அதற்கு நேர்மாறாக யோசிக்க வேண்டியிருந்தது: கரைவதையெல்லாம் எடுத்துவிட்டு மிச்சத்தைப் பார்ப்பது. அரை கிராம் தூளை அசிட்டோனில் திரும்பத் திரும்பக் கழுவினேன். ஏழாவது கழுவலில் அசிட்டோன் நிறமில்லாமல் வந்தது. பொங்கல் மஞ்சளின் சக்கை மரத்தூள் நிறத்தில் கிடந்தது. ஈய குரோமேட் இருந்தால் சக்கையிலும் மஞ்சள் நிற்கும், தண்ணீரைவிட ஆறு மடங்கு கனம் என்பதால் அடியில் தனியாகப் படியவும் செய்யும். ஆனால் கண்ணால் பார்ப்பது பெரிய அளவுக்கு மட்டும்தான். மஞ்சள்தூளில் ஈயத்துக்கு நம் நாட்டு உச்சவரம்பு கிலோவுக்கு 10 மில்லிகிராம். குரோமேட்டாகக் கணக்கிட்டால் கிலோவுக்கு 16 மில்லிகிராம் சுமார். அந்த அளவு என் சக்கையில் தெரியவே தெரியாது. ஈயத்தை வைத்து நானே மாதிரி செய்து பார்க்கவும் மனம் வரவில்லை. ஈயம் பற்றிய சந்தேகம் என்றால் ஆய்வகத்துக்கு அனுப்புவதுதான்.

இதுவரை பார்த்தவை ஒன்பது. சந்தையில் உதிரியாக வாங்கியவை நான்கு, பாக்கெட் மூன்று, அக்காவின் தூள் ஒன்று, பூசை மஞ்சள் பாக்கெட் ஒன்று. அக்காவின் தூளில் வளையமே இல்லை. உதிரியில் ஒன்றுக்கு மெல்லிய வளையம் வந்தது. இரண்டு சொட்டுக்கும் அசையவில்லை, இன்னொரு நாள் வேறு பொட்டலத்தோடு பார்க்க எடுத்து வைத்திருக்கிறேன். கத்தரிப்பூ சிவப்பு வந்தது ஒன்றே ஒன்றில், பூசை மஞ்சளில். வளையம் தாளின் ஓரம் வரை ஓடியது, அமிலச் சொட்டு விழுந்த இடம் 0.1 சதவீத மாதிரியைவிட அடர்த்தி.

பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'பூஜைக்கு மட்டும்' என்று போட்டிருக்கிறது. அப்படிப் பார்த்தால் குற்றமில்லை. எங்கள் வீட்டில் அது இருந்தது அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்துத் தட்டில். மஞ்சள் தீர்ந்த ஒரு நாள் ரசத்துக்கு அதிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்தது நான்தான். இப்போது அது பூசை அலமாரியில், தனி டப்பாவில்.