கூரையைத் தாண்டிய புள்ளி: ஒரு ஸ்டென்சில் கெர்னலும் ரூஃப்லைன் வரைபடமும்

வெப்பம் பரவுவதைக் கணிக்கும் சிறிய நிரல் ஒன்றை எழுதி, அதை எவ்வளவு வேகப்படுத்தலாம் என்று சில வாரங்களாகப் பார்த்து வருகிறேன். உள்ளே ஓடும் கெர்னல், ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கு அண்டைகளின் சராசரியை எடுக்கும் ஸ்டென்சில், இவ்வளவுதான்:

```c
b[i][j] = 0.25 * (a[i-1][j] + a[i+1][j]
                + a[i][j-1] + a[i][j+1]);
```

கட்டம் 8000 × 8000, எல்லாம் 8 பைட் டபுள். ஒவ்வோர் அணியும் 512 எம்பி என்பதால் கேஷில் அடங்க வழியில்லை. ஒரு புள்ளிக்கு மூன்று கூட்டல், ஒரு பெருக்கல் என்று நான்கு ஃபிளாப். நான்கு கோரும் ஓடும்போது ஒரு சுற்றுக்கு 47 மில்லிசெகண்ட் ஆனது. அதாவது நொடிக்கு 5.4 கிகாஃபிளாப். இது நல்ல வேகமா, மோசமா? அதைத் தெரிந்துகொள்ளத்தான், ஒரு கெர்னல் இந்த இயந்திரத்தில் எட்டக்கூடிய உச்ச வேகத்தைக் கூரையாகக் காட்டும் ரூஃப்லைன் வரைபடத்தை வரைந்தேன்.

வரைவதற்கு இரண்டு எண்கள் போதும். ஒன்று, இயந்திரத்தின் உச்சக் கணக்கீட்டு வேகம். என் பிராசசரில் நான்கு கோர், 3.5 கிகாஹெர்ட்ஸ். ஒரே கட்டளையில் நான்கு டபுளைக் கையாளும் ஏவிஎக்ஸ்2-உம், பெருக்கலையும் கூட்டலையும் ஒன்றாகச் செய்யும் இரண்டு எஃப்எம்ஏ அலகுகளும் இருப்பதால் கோருக்கு ஒரு சைக்கிளில் 16 ஃபிளாப் வரும். பெருக்கினால் 224 கிகாஃபிளாப். இது படுக்கைக் கோடு. மற்றொன்று மெமரி பேண்ட்வித். இது சாய்வுக் கோடு. மெமரியின் அட்டையில் உள்ள எண்ணைப் போட மனம் வரவில்லை, அது ஒருபோதும் கைக்குக் கிடைப்பதில்லை. அதனால் `a[i] = b[i] + s*c[i]` என்ற டிரையாட் லூப்பை ஓட்டி அளந்தேன். உறுப்புக்கு இரண்டு படிப்பு, ஓர் எழுத்து, ஆக 24 பைட் என்று கணக்கு வைத்ததில் நொடிக்கு 25.5 ஜிபி வந்தது.

இனி கெர்னலின் கணக்கீட்டுச் செறிவு, அதாவது மெமரியிலிருந்து நகரும் ஒவ்வொரு பைட்டுக்கும் எத்தனை ஃபிளாப் நடக்கிறது என்பது. வரைபடத்தின் கிடை அச்சு இதுதான். நிரலைப் பார்த்தால் நான்கு படிப்பு, ஓர் எழுத்து. ஆனால் மேல் வரிசையும் இடது, வலது அண்டைகளும் சற்று முன்புதான் படிக்கப்பட்டவை. மூன்று வரிசைகள் சேர்ந்து 192 கேபிதான், அவை கேஷிலேயே இருக்கும். ஆக மெமரியிலிருந்து புதிதாக வருவது ஒரே ஒரு டபுள், திரும்பிப் போவது ஒரு டபுள். 16 பைட்டுக்கு 4 ஃபிளாப், செறிவு 0.25. அந்த இடத்தில் கூரையின் உயரம் 25.5 × 0.25, ஏறத்தாழ 6.4 கிகாஃபிளாப். நான் நிற்பது 5.4-இல். கூரையின் 84 சதவீதம்.

மீதி 16 சதவீதம் கணக்கீட்டுப் பக்கம் வீணாகிறது என்று நினைத்தேன். லூப்பை விரித்தேன், வெக்டர் கட்டளைகளைக் கையாலேயே எழுதினேன், கூட்டும் வரிசையை மாற்றிப் பார்த்தேன். இரண்டு மாலை போனது. 47 மில்லிசெகண்ட் அசையவில்லை.

மூன்றாவது மாலைதான் உண்மையில் எவ்வளவு பைட் நகர்கிறது என்று அளக்கத் தோன்றியது. இன்டெல் டெஸ்க்டாப் பிராசசர்களில் மெமரி கன்ட்ரோலரே கணக்கு வைத்திருக்கும்:

```
sudo perf stat -a -e uncore_imc/data_reads/,uncore_imc/data_writes/ ./jacobi
```

படிப்பும் எழுத்தும் சமமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். படிப்பு இரண்டு மடங்கு இருந்தது. சற்று யோசித்ததும் பிடிபட்டது. `b`-இல் எழுதும்போது பிராசசர் நேராக மெமரிக்குப் போவதில்லை. அந்த 64 பைட் கேஷ் லைனை முதலில் உள்ளே கொண்டுவந்து, அதன்மேல் எழுதி, பிறகு வெளியே தள்ளுகிறது. நாம் முழுவதையும் மேலெழுதப்போகிறோம் என்பது அதற்குத் தெரியாது. ஆக ஒரு புள்ளிக்கு 16 அல்ல, 24 பைட். செறிவு 0.25 அல்ல, 0.167.

இந்தச் செறிவில் கூரையின் உயரம் 25.5 × 0.167, அதாவது 4.25 கிகாஃபிளாப். என் புள்ளியோ 5.4. கூரைக்கு மேலே நிற்கிறது! அப்படி நடக்க முடியாது. புள்ளி கூரையைத் தாண்டினால் பைட் கணக்கு தவறாக இருக்க வேண்டும், அல்லது கூரையே தவறாக இருக்க வேண்டும். பைட்டை இப்போதுதான் அளந்தேன், ஆகவே தவறு கூரையில். டிரையாடிலும் இதே கதைதான்: `a`-க்கும் லைன் உள்ளே வந்துதான் போகிறது, உண்மையில் நகர்வது 32 பைட். 25.5-ஐ 32/24 ஆல் பெருக்கினால் 34 ஜிபி. ஒரே பிழையை இரண்டு இடத்தில் செய்திருந்தேன், ஒன்று மற்றொன்றை ஓரளவு மறைத்திருந்தது.

34 × 0.167 என்றால் 5.67. என் கெர்னல் அதில் 95 சதவீதம். விரித்ததும் வெக்டராக்கியதும் ஏன் பலிக்கவில்லை என்பது இப்போது புரிந்தது. சாய்வும் படுக்கையும் சேரும் முகடு 224/34, ஏறத்தாழ 6.6-இல் இருக்கிறது, நான் அதற்கு நாற்பது மடங்கு இடப்பக்கம். இந்தக் கெர்னலில் எஃப்எம்ஏ ஆக மாற்றக்கூடிய பெருக்கல்-கூட்டல் இல்லை என்பதால் படுக்கைக் கோடு பாதியாகி 112 ஆகும். அதுவும்கூட எட்டாத உயரம்.

வரைபடத்தை மட்டும் நம்பாமல் இன்னொரு சோதனையும் செய்தேன். `sudo cpupower frequency-set -u 1.8GHz` என்று கோரின் வேகத்தை ஏறத்தாழப் பாதியாக்கினேன். சுற்று நேரம் 47-இலிருந்து 49 ஆனது, அவ்வளவுதான். கணக்கீடு முட்டுக்கட்டையாக இருந்திருந்தால் இரட்டிப்பாகியிருக்கும். பைட் எண்ணுவதற்கு முன்பே இதைச் செய்திருந்தால் அந்த இரண்டு மாலையும் மிஞ்சியிருக்கும்.

கூரையை முட்டிய பிறகு மேலே போக வழியில்லை, வலப்பக்கம் நகரத்தான் வேண்டும். முதல் நகர்வு, கேஷைத் தவிர்த்து எழுதும் `_mm256_stream_pd`. முதல் ஓட்டத்திலேயே நிரல் விழுந்தது. இந்தக் கட்டளைக்கு முகவரி 32 பைட் எல்லையில் இருக்க வேண்டும், என் லூப்போ `j = 1`-இல் தொடங்குகிறது. முதல் மூன்று புள்ளிகளைச் சாதாரணமாக எழுதிவிட்டு `j = 4`-இலிருந்து தொடங்கியதும் சரியானது. 33 மில்லிசெகண்ட், 7.8 கிகாஃபிளாப். படிப்பும் எழுத்தும் இப்போது சமம். கணக்கீட்டில் ஒரு வரிகூட மாறவில்லை.

இடையில் 500 × 500 கட்டத்தையும் ஓட்டிப் பார்த்தேன். அந்தப் புள்ளி சாய்வுக் கோட்டுக்கு வெகு மேலே போய் நின்றது. இது பிழையல்ல, இரண்டு அணிகளும் சேர்ந்து 4 எம்பி, 8 எம்பி எல்3 கேஷிலேயே வாழ்கின்றன. மெமரிக்கு வரைந்த கூரை அதற்குப் பொருந்தாது.

இரண்டாவது நகர்வு, இரண்டு சுற்றுகளை ஒரே நடையில் முடிப்பது. முதல் சுற்றின் வரிசைகள் கேஷில் இருக்கும்போதே இரண்டாவதைக் கணக்கிட்டால் 16 பைட்டுக்கு 8 ஃபிளாப், செறிவு 0.5, கூரை 17. எழுதி முடித்து அளந்ததில் 12.9 கிடைத்தது. இப்போதும் முகட்டுக்கு வெகு இடப்பக்கம்தான் இருக்கிறேன். அதனால் இதுவும் மெமரியால் தடைபடுகிறது என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் கோரின் வேகத்தை 1.8-க்கு இறக்கியதும் 8.1-க்கு விழுந்தது. மெமரியில் நகர்வதும் நொடிக்கு 26 ஜிபிதான், 34 அல்ல. சாய்வுக் கோட்டுக்குக் கீழே புள்ளி இருந்தாலும் அதைத் தொடாதவரை மெமரியைக் குற்றம் சொல்ல முடியாது. இடைக்கால வரிசைகள் எல்2-வுக்கும் கோருக்கும் இடையே போய்வருவதுதான் காரணம் என்று சந்தேகிக்கிறேன். அடுத்து எல்2-வின் பேண்ட்வித்தை அளந்து, அதற்கும் ஒரு சாய்வுக் கோட்டை இதே படத்தில் வரைய வேண்டும். இந்த முறை எழுதப்படும் லைனுக்கான பைட்டையும் சேர்த்தே எண்ணுவேன்.