உறுப்பு 14 கேள்வியில் இல்லாத ஒரு வரி

அரசமைப்புச் சட்டத்தில் சமத்துவ உரிமையைச் சொல்லும் உறுப்பு 14 பற்றிக் கேள்வி எழுதுவது சுலபம் என்று புதிதாக வருகிற வினா தயாரிப்பாளர்கள் நினைப்பதுண்டு. ஒரு நலத்திட்டம், அதிலிருந்து விடுபட்ட ஒருவர், 'இது செல்லுமா?' என்று கடைசியில் ஒரு வரி. பார்த்தால் முழுக் கேள்விதான். சட்டத் தேர்வுகளுக்குக் கேள்வி எழுதுவதும் மற்றவர்கள் எழுதியதைச் சரிபார்ப்பதுமே என் வேலை. இப்படி வருகிற ஸ்டெம்களில், அதாவது கேள்விக்கு முன்னால் வரும் சம்பவப் பத்தியில், பெரும்பாலும் ஒரே ஒரு தகவல்தான் விடுபட்டிருக்கும். அது இல்லாவிட்டால் எந்த விடையும் சரியாகலாம், எதுவும் தவறாகலாம்.

கையில் வந்த ஒன்றைப் பார்ப்போம்: "ஒரு மாநில அரசு, 5 ஏக்கர் வரை நிலம் உள்ள விவசாயிகள் கூட்டுறவு வங்கிகளில் வாங்கிய பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்கிறது. 7 ஏக்கர் வைத்திருக்கும் ஒருவர், அதே வறட்சியில் தன் பயிரும் கருகியது, எனவே தன்னை விட்டது உறுப்பு 14-க்கு எதிரானது என்று வழக்குப் போடுகிறார். முடிவு என்ன?"

இது கற்பனை இல்லை, தமிழ்நாட்டில் நடந்ததுதான். 2016-ல் மாநில அரசு சிறு, குறு விவசாயிகளுக்கு, 31.3.2016 அன்று கூட்டுறவு அமைப்புகளில் நிலுவையில் இருந்த கடன்களைத் தள்ளுபடி செய்தது. இரண்டரை ஏக்கர் வரை குறு விவசாயி, அதற்கு மேல் 5 ஏக்கர் வரை சிறு விவசாயி. விவசாயிகள் சங்கம் ஒன்று வழக்குத் தொடுத்தது. 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, நிலத்தின் அளவைப் பார்க்காமல் எல்லா விவசாயிகளுக்கும் கொடுக்கச் சொன்னது. 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, திட்டம் செல்லும் என்றது.

ஒரே அரசாணை, ஒரே அளவுகோல், இரண்டு நீதிமன்றங்களில் இரண்டு முடிவு. அந்த அளவுகோலைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்பதால் எல்லாரையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்பதில்லை. ஆட்களைப் பிரிக்கலாம், ஆனால் பிரிப்பு நியாயமாக இருக்க வேண்டும். 1952-ல் அன்வர் அலி சர்க்கார் வழக்கிலிருந்து சொல்லிவருகிற சோதனைக்கு இரண்டு படிகள். உள்ளே இருப்பவரையும் வெளியே இருப்பவரையும் பிரித்துக் காட்டும் வேறுபாடு புரியும்படி இருக்க வேண்டும். அந்த வேறுபாட்டுக்கும் சட்டம் அடைய நினைக்கும் நோக்கத்துக்கும் தர்க்கரீதியான தொடர்பு இருக்க வேண்டும்.

நம் ஸ்டெம்மில் முதல் படி தாண்டிவிடும். 5 ஏக்கர் என்பது அளந்து பார்க்கக்கூடிய கோடு, யார் உள்ளே யார் வெளியே என்பதில் குழப்பம் இல்லை. இரண்டாவது படியில் காலை வைக்க இடமே இல்லை, ஏனென்றால் நோக்கம் என்ன என்று ஸ்டெம் சொல்லவேயில்லை. மாணவர் அதை ஊகிக்க வேண்டியிருக்கிறது. 'வறட்சியில் அடிபட்டவர்களுக்கு உதவுவது' என்று ஊகித்தால், 7 ஏக்கர்காரரும் அடிபட்டவர்தானே? கோட்டுக்கும் நோக்கத்துக்கும் தொடர்பு அறுந்து போகிறது, திட்டம் விழும். 'அடியைத் தாங்கிக்கொள்ளும் வலு குறைந்தவர்களுக்கு உதவுவது' என்று ஊகித்தால் நிலத்தின் அளவு பொருத்தமான அடையாளம் ஆகிவிடுகிறது, திட்டம் நிற்கும். நோக்கத்தை எவ்வளவு அகலமாக எழுதுகிறோம் என்பதிலேயே பாதி முடிவு அடங்கிவிடுகிறது. என்னைக் கேட்டால் இந்தப் பாடத்தில் மாணவர் பிடித்துக்கொள்ள வேண்டிய முதல் விஷயம் இதுதான், பாடப்புத்தகங்கள் வேகமாகக் கடந்துபோவதும் இதைத்தான்.

உச்ச நீதிமன்றம் இரண்டாவது வழியில் போனது. வெள்ளமும் வறட்சியும் எல்லார் வயலுக்கும் வருகின்றன, ஆனால் பணமும் வசதியும் குறைந்த சிறு விவசாயியை அவை கூடுதலாகத் தாக்குகின்றன. ஆகவே விவசாயிகள் எல்லாரும் ஒரே வகுப்பு அல்ல என்றது. எல்லாரையும் சேர்த்தால்தான் சமத்துவம் என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

இதற்கு நேர் எதிரில் வைத்துப் பார்க்க வேண்டியது நகரா வழக்கு. மத்திய அரசு 1979-ல் ஓய்வூதியக் கணக்கைத் தாராளமாக்கியது. அதுவரை கடைசி 36 மாதச் சம்பளத்தின் சராசரியை வைத்துக் கணக்கிட்டதை, கடைசி 10 மாதமாகக் குறைத்தது. கடைசி மாதங்களில்தான் சம்பளம் அதிகம் என்பதால் ஓய்வூதியம் கூடும். ஆனால் 31.3.1979 அன்றோ அதற்குப் பிறகோ ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும். ஒரு நாள் முன்னால் ஓய்வு பெற்றவருக்குப் பழைய கணக்கு. 1982 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தத் தேதிக் கோடு செல்லாது என்றது. இங்கேயும் கோடு தெளிவு, தேதியைவிடத் தெளிவானது எது? ஆனால் விலைவாசி ஏறும் காலத்தில் முதியவர்களுக்குக் கை கொடுப்பது நோக்கம் என்றால், ஒரு நாள் முன்னால் வீட்டுக்குப் போனவருக்கு அரிசி விலை குறைவா என்ன? ஓய்வூதியம் பெறுகிறவர்கள் ஒரே வகுப்பு, நோக்கத்தோடு சம்பந்தமில்லாத தேதியால் அதை உடைக்க முடியாது.

(இதிலிருந்து எல்லாக் கட்-ஆஃப் தேதியும் செல்லாது என்று எடுத்துக்கொள்பவர்கள் நிறைய. அப்படி இல்லை. 1990-ல் கிருஷ்ணகுமார் வழக்கில், வருங்கால வைப்பு நிதியை எடுத்துக்கொண்டு ஓய்வு பெற்றவர்களும் ஓய்வூதியம் பெறுகிறவர்களும் ஒரே வகுப்பு அல்ல என்று சொல்லி, நகரா தீர்ப்பின் எல்லையை அந்த நீதிமன்றமே சுருக்கியது.)

சரி, கேள்விக்கு வருவோம். அந்த ஸ்டெம்மில் ஒரு வரி சேர்த்தேன்: "வறட்சியைத் தாங்கும் வசதி குறைந்த விவசாயிகளைக் கடன் சுமையிலிருந்து விடுவிப்பதே திட்டத்தின் நோக்கம் என்று அரசாணை கூறுகிறது." கூடவே, 'அரசாணை கூறுகிறது' என்பதை எடுக்கக்கூடாது என்று குறிப்பும் எழுதினேன். நோக்கத்தை வழக்குப் போட்டவரின் வாயில் வைத்தால், அது ஒரு தரப்பின் வாதம்தானே என்று மாணவர் நினைக்க இடம் உண்டு. அப்புறம் பழைய குழப்பம் திரும்பி வரும்.

தவறான விடைகளுக்கும் இதே கவனம் தேவை. மூன்று வைத்தேன். 'இது கொள்கை முடிவு, நீதிமன்றம் பார்க்கவே முடியாது' என்பது ஒன்று. பொருளாதார விஷயங்களில் நீதிமன்றம் அரசுக்குக் கூடுதல் இடம் கொடுக்கும் என்பது உண்மை, ஆனால் சோதனையே கிடையாது என்பது பொய். 'தேர்தல் வாக்குறுதிக்காகக் கொண்டுவந்த திட்டம் என்பதால் செல்லாது' என்பது இரண்டாவது. அந்தக் காரணம் மட்டும் போதாது என்று அதே 2021 தீர்ப்பே சொல்கிறது. 'பாதிக்கப்பட்ட எல்லாரையும் சேர்க்காததால் செல்லாது' என்பது மூன்றாவது, நன்றாகப் படித்தவர்களையும் இழுக்கிற விடை. வகுப்பு கொஞ்சம் குறுகலாக இருப்பதாலேயே திட்டம் விழுந்துவிடாது. அரசு ஒரு பிரச்சினையை, மிகவும் தேவைப்படுகிறவர்களிடமிருந்து தொடங்கிப் படிப்படியாக அணுகலாம்.

சரிபார்ப்புக் குழுவில் ஒரு மூத்த வழக்கறிஞர் கேட்டார்: "5.1 ஏக்கர் வைத்திருப்பவருக்கு என்ன பதில் சொல்வீர்கள் மேடம்?" நியாயமான கேள்வி. எங்கே கோடு போட்டாலும் அதன் ஓரத்தில் ஒருவர் நிற்பார், அதற்காக மட்டும் கோடு தன்னிச்சையானதாகாது என்பது சட்டத்தின் பதில். அது அந்த விவசாயிக்கு ஆறுதல் தராது, அதை மறைக்கவும் நான் விரும்பவில்லை. ஆகவே 7 ஏக்கர் என்பதை 5.1 ஆக்கி இன்னொரு கேள்வியும் எழுதினேன், விடை மாறாது. மூன்றாவதாக ஒன்றில் நில அளவை எடுத்துவிட்டு, 'அரசாணை வெளியான தேதிக்குப் பிறகு கடன் வாங்கிய சிறு விவசாயிகளுக்கு மட்டும்' என்று போட்டேன். நோக்க வரியில் ஓர் எழுத்தையும் தொடவில்லை. வறட்சியில் கடனோடு மாட்டிக்கொண்டவர் முழுக்க வெளியே போய்விடுகிறார், விடை தலைகீழாகிறது. மூன்றையும் ஒரே தாளில் அடுத்தடுத்து வைக்கக் குழு சம்மதித்தது.