நாலு பச்சை

மச்சான் தன் மரச்செக்கு எண்ணெய்க் கடைக்கு லெட்டர்ஹெட், கவர், விசிட்டிங் கார்டு, பில் புக் எல்லாவற்றையும் ஒரே தடவையில் அடித்து வாங்கினார். மேசையில் பரப்பினால் ஒரே லோகோ, நாலு பச்சை. "பிரஸ்காரர் ஏமாத்திட்டாரு மாப்ள"ன்னு ஒரே குதி.

பிரஸ்காரர் பாவம், வித்தியாசம் தாளில் இருக்கிறது. கார்டு வழவழப்பான ஆர்ட் போர்டு. மை மேலேயே நிற்பதால் பளிச்சென்று தெரியும். லெட்டர்ஹெட்டின் பாண்டு பேப்பர் மையை உறிஞ்சிவிடும், அதே பச்சை மங்கிவிடும். பழுப்புக் கவரில் இன்னும் மோசம். அச்சு மை கண்ணாடி மாதிரி, அடியில் இருக்கும் தாளின் நிறமும் சேர்ந்துதான் கண்ணுக்கு வரும். பில் புக்கின் மஞ்சள் பிரதியிலும் இதே கதைதான்.

அடுத்த தடவை கவரை வெள்ளைக்கு மாற்றினோம். லெட்டர்ஹெட்டும் கவரும் ஒரே ரக பாண்டு பேப்பர், நாலு கலர் மையைக் கலந்து பச்சை வரவழைக்காமல், நிறத்துக்கு ஒரு எண் வைத்திருக்கும் பான்டோன் அட்டையிலிருந்து எண் சொல்லி ஒரே தனி மை. அது நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு தாளைக் கையில் கொடுத்து, "கார்டு இதுக்குப் பக்கத்துல வரணும்" என்றோம். பளபளப்பு லேமினேஷனுக்குப் பதில் மேட் போட்டதும் பாதி வித்தியாசம் போயிற்று.

பில் புக்கில் பச்சையே வேண்டாம் என்று விட்டோம். வெறும் கருப்பு. ஆனால் லோகோவின் இலைக்குள் இருந்த ஷேடு கருப்பில் புள்ளிப் புள்ளியாக வரும் என்பதால், ஷேடு இல்லாமல் கோடாகத் தனியாக வரைந்தேன். எழுத்துருவும் லோகோ இருக்கும் இடமும் லெட்டர்ஹெட்டில் உள்ளபடியே.

மச்சான் இப்போது கார்டையும் பில்லையும் பக்கத்தில் வைத்துக் காட்டித்தான் எண்ணெயே விற்கிறார்.