இடது கால் சாக்ஸ்

மார்கழிக் கடைசியில் ஒரு நைட் டூட்டி. மணி 11.30 இருக்கும். நாலு மாதப் பெண் குழந்தை ஒன்றை மடியில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அம்மா, அப்பா, பாட்டி மூவரும் வந்திருந்தார்கள். சாயங்காலம் 7 மணிக்கு ஆரம்பித்த அழுகையாம். பால் கொடுத்தால் இரண்டு வாய் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி வீறிடுகிறது. தோளில் போட்டாலும் நிற்கவில்லை, தொட்டிலில் போட்டாலும் நிற்கவில்லை. "உரம் விழுந்திருக்கும்னு புடவையில போட்டு உருட்டிப் பாத்தோம் சிஸ்டர். அதுக்கும் அடங்கல" என்றார் பாட்டி.

குழந்தைகள் பிரிவில் ஸ்டாஃப் நர்ஸாக எனக்கு அப்போது ஆறு வருட அனுபவம். அழுகிற குழந்தைக்குச் செய்கிறதையெல்லாம் வழக்கம்போலச் செய்தேன். காய்ச்சல் இல்லை. எடை 6 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். வலது கால் சாக்ஸைக் கழற்றி, பல்ஸ் ஆக்ஸிமீட்டர் மாட்டினேன். ஆக்ஸிஜன் 99. நாடித்துடிப்பு அதிகம்தான், ஆனால் அப்படி அழுகிற குழந்தைக்கு அதிகமாகத்தானே இருக்கும். டூட்டி டாக்டர் வயிற்றைத் தடவிப் பார்த்தார், காதுக்குள் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார். வயிறு மெத்தென்று இருந்தது. வாந்தி இல்லை, மலம் சாதாரணமாகப் போயிருக்கிறது. காற்று அடைத்திருக்கும் என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பினார். வலது கால் சாக்ஸை நானே திரும்ப மாட்டிவிட்டேன். குளிர் அப்படி.

விடியற்காலை 4.30க்கு அதே ஆட்டோ திரும்ப வந்தது.

இந்தத் தடவை அழுகை கம்மிப்போயிருந்தது. தொண்டை கட்டி, முனகலாக வந்துகொண்டிருந்தது. அம்மா குழந்தையை மாற்றிப் பிடித்திருந்ததால் வலது கால் அவள் இடுப்புப் பக்கம் மாட்டிக்கொண்டது. வெளியே தெரிந்தது இடது கால். ஆக்ஸிமீட்டர் மாட்ட அந்தச் சாக்ஸைக் கழற்றினேன்.

நடுவிரல் நாவல்பழம் மாதிரி இருந்தது. இரண்டு பக்கத்து விரல்களும் சாதாரண ரோஸ் நிறத்தில் இருக்க, அது மட்டும் இரண்டு மடங்கு வீங்கி, பளபளப்பாக, கருநீலமாக இருந்தது. விரலின் அடிப்பக்கம் ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை, அந்தப் பக்கம்தான் எல்லாமே. பென்சிலால் வட்டம் போட்டுப் பிரித்த மாதிரி.

டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து பார்த்து, ஒரு நிமிடம் பேசவில்லை. "முடி" என்றார்.

எனக்கு முடி எதுவும் தெரியவில்லை. இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். விரலில் முடி சுற்றியிருக்கிறது என்றால் முடி கண்ணுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம். தெரியாது. சுற்றியதும் விரல் வீங்குகிறது, வீங்கின சதை முடியின் இரண்டு பக்கமும் எழும்பி அதை மூடிவிடுகிறது. நாள் கடந்துவிட்டால் முடி தோலை அறுத்து உள்ளே போய், மேலே புதுத் தோல்கூட வளர்ந்துவிடும். பார்ப்பவருக்குக் கிடைப்பது அந்தக் கோடு மட்டும்தான். பூச்சிக்கடி என்றும், சீழ் பிடிக்கப்போகிறது என்றும் மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிற இடங்கள் உண்டு. பூச்சி கடித்தாலும் சீழ் வைத்தாலும் வீக்கம் சுற்றிப் பரவும், எல்லை மங்கலாக இருக்கும். இப்படி விரலைச் சுற்றி வளையம் போட்டு நிற்காது.

ஒரு முடிக்கு இவ்வளவு பலமா என்று அப்பா கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். முடி நனைந்தால் நீளும், காய்ந்தால் சுருங்கும். வேர்வையிலோ ஈரச் சாக்ஸிலோ நனைந்த முடி விரலில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிக்கொள்கிறது. குழந்தை சாக்ஸுக்குள் விரலை மடக்கி நீட்டிக்கொண்டே இருப்பதால் சுற்று இறுகுகிறது. பிறகு காய்ந்து இன்னும் இறுகுகிறது. முதலில் அடைபடுவது ரத்தம் திரும்பிப் போகிற வழி. உள்ளே வருவது வந்துகொண்டிருக்கும், வெளியே போவது நின்றுவிடும். அதனால் வீக்கம். வீங்க வீங்க முடி இன்னும் ஆழமாகப் பதியும். கடைசியில் உள்ளே வருகிற ரத்தமும் நின்றுபோனால் விரல் செத்துவிடும்.

டாக்டர் நகத்தை அழுத்தி விட்டுப் பார்த்தார். வெளுத்த இடம் 2 வினாடிக்குள் சிவக்க வேண்டும். இங்கே நாலைந்து வினாடி ஆனது. மெதுவாகத்தான், ஆனாலும் சிவந்தது. "வந்துக்கிட்டிருக்கு" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும்தான் நான் மூச்சு விட்டேன்.

எடுக்கிற வேலை அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. டார்ச்சை நான் பிடித்தேன். டாக்டர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு மெல்லிய ஃபோர்செப்ஸால் முடியின் நுனியைத் தேடினார். நுனி கிடைத்தால் சுற்றைப் பிரித்துவிடலாம். கிடைக்கவில்லை. முடி நீக்கும் கிரீம் போடலாமா என்று நான் கேட்டேன். தோல் கிழியாமல் இருந்தால் அது நல்ல வழி. வளையத்தில் தடவி ஒரு 10 நிமிடம் விட்டுக் கழுவினால் முடி கரைந்து அறுந்துவிடும். ஆனால் இந்த விரலின் அடியில் தோல் ஏற்கெனவே அறுபட்டு ஈரமாக இருந்தது. அதில் கிரீம் போனால் வெந்துவிடும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு சர்ஜனைக் கூப்பிட்டார்.

சர்ஜன் வந்தபோது மணி 5.40. குழந்தையைத் துணியில் சுற்றி, இடது காலை மட்டும் வெளியே விட்டு, நான் பிடித்துக்கொண்டேன். நாக்கில் சொட்டுச் சொட்டாக டெக்ஸ்ட்ரோஸ் விட்டோம். விரலின் அடியில் அட்ரினலின் கலக்காத லிக்னோகெய்ன் போட்டு மரத்துப்போக வைத்தார். விரலின் மேல்பக்கம், நட்டநடுவில், நீளவாக்கில் வளையத்தைக் கடந்து சின்னதாக ஒரு கீறல். ஏன் நடுவில் என்றால், ரத்தக்குழாயும் நரம்பும் விரலின் இரண்டு ஓரமாகப் போகின்றன. ஏன் நீளவாக்கில் என்றால், அங்கே கீழே தசைநாண் இருக்கிறது. குறுக்கே கீறினால் அது அறுந்துவிடும், நீளமாகக் கீறினால் இழைகள் விலகிக் கொடுக்கும். கத்தி முனையில் ஏதோ தட்டி விட்டுப்போனது என்றார். முடி அறுந்த அந்த நிமிடமே விரலின் நிறம் மாற ஆரம்பித்தது. கருநீலம் சிவப்பானது. இழுத்தெடுத்ததில் மூன்று துண்டு கிடைத்தது. வெள்ளைக் காஸ் துணியில் வைத்தபோதுதான் நான் அந்த முடியை முதன்முதலாகப் பார்த்தேன். நீளமான, கறுப்பு முடி.

குழந்தை அப்படியே தூங்கிவிட்டது.

அம்மா தூங்கவில்லை. அது தன் முடி என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. "தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு பிள்ளையத் தூக்காதேன்னு எத்தனை தடவை சொன்னேன்" என்று பாட்டி ஆரம்பித்தார். நான் குறுக்கே போக வேண்டியதாயிற்று. கர்ப்பமாக இருக்கும்போது முடி கொட்டாமல் தலையிலேயே நிற்கும். பிரசவமானதும் அதில் பெரும் பகுதி ஒரே சமயத்தில் வளர்ச்சியை நிறுத்திவிட்டு, இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக விழும். பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் தாய்க்கு முடி கொட்டும் என்று நம் வீடுகளில் சொல்வது இந்தக் கணக்குத்தான். குழந்தை காலை உதைத்து விளையாட ஆரம்பிக்கிற மாதமும் அதுவே. தலையை எவ்வளவு இறுக்கிப் பின்னினாலும் முடி துணியில் இருக்கும், படுக்கையில் இருக்கும், வாஷிங் மெஷினில் எல்லாத் துணியோடும் சேர்ந்து சுற்றும். அந்த இடது சாக்ஸை உள்பக்கம் வெளியாகத் திருப்பிப் பாட்டியிடமே காட்டினேன். பஞ்சு இழைகளோடு இன்னும் இரண்டு முடி ஒட்டியிருந்தது. அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

அந்தப் பாட்டியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, இன்னொரு காரணத்தாலும். எண்ணெய் தேய்த்துக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற பாட்டிகள் கைவிரல், கால்விரல் ஒவ்வொன்றையும் பிடித்து நீவி விடுவார்கள். அதைவிட நல்ல பரிசோதனை எங்கள் பிரிவிலேயே கிடையாது. சளி பிடித்திருக்கிறது என்று இந்தக் குழந்தையை இரண்டு நாளாகக் குளிப்பாட்டவில்லை.

மறுநாள் வரச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. முடியை எடுத்த பிறகும் பள்ளம் ஒரு நாளைக்கு இருக்கும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. வீக்கம் வடிகிறதா, நகம் உடனே சிவக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். நிறம் நன்றாக இருந்தது, மேல்பக்க வீக்கமும் பாதி வடிந்திருந்தது. ஆனால் விரலின் அடிப்பக்கம் அப்படியே உப்பியிருந்தது. சர்ஜன் மடிப்பை விரித்துப் பார்த்தார். இன்னொரு துண்டு, தனியாக, உள்ளே படிந்து கிடந்தது. இந்தத் தடவை நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் ஃபோர்செப்ஸாலேயே வந்துவிட்டது.

அடுத்த வருடம் ஒரு ஐந்து வாரக் குழந்தை வந்தது. கை ஆள்காட்டி விரல். அதற்கு முடி காரணமில்லை, கையுறை. முகத்தைப் பிறாண்டாமல் இருக்க மாட்டிவிடுகிற துணிக் கையுறையின் உள்தையல் பிரிந்து, நூல் சுற்றிக்கொண்டது. அன்றைக்குக் கிரீம் எடுக்கப்போன புது நர்ஸைத் தடுத்தேன். பருத்தி நூலை அந்தக் கிரீம் ஒன்றும் செய்யாது. காத்திருக்கிற 10 நிமிடம் வீண்தான். நூல் முடியைவிடத் தடிமன் என்பதால் நுனி தெரிந்தது, பிரித்து எடுத்துவிட்டார்கள்.

இப்போது காரணம் தெரியாமல் அழுகிற குழந்தை வந்தால் முதலில் முழுவதும் உரித்துவிடுவேன். சாக்ஸ், கையுறை, தொப்பி, டயப்பர் எல்லாம். இருபது விரலையும் பிரித்துப் பிரித்துப் பார்ப்பேன். ஆண் குழந்தை என்றால் குறியையும், பெண் குழந்தை என்றால் பிறப்புறுப்பின் மடிப்பையும் பார்ப்பேன், அங்கேயும் முடி சுற்றும். டயப்பரைக் கழற்றியதால் தொடை இடுக்கில் குடலிறக்கம் சிக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் உண்டு. பெரும்பாலும் விரல் பத்தும் பத்தும் சுத்தமாகத்தான் இருக்கும், அழுகைக்குக் காரணம் காதிலோ வயிற்றிலோ கிடைக்கும், அல்லது கிடைக்காமலே அடங்கிவிடும். ஆகிற நேரம் ஒன்றரை நிமிடம். குளிருகிறதே என்று அம்மாக்கள் முகம் சுளிப்பார்கள்.

முதல் தடவை வந்தபோது 99 காட்டிய ஆக்ஸிமீட்டர் வலது காலில் இருந்தது. அன்றைக்கு இடது காலில் மாட்டியிருந்தால் ஐந்து மணி நேரம் மிச்சமாகியிருக்கும். டாக்டரும் நானும் அதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசினோம்.

அந்தப் பெண் குழந்தை ஒன்பதாம் மாத அம்மைத் தடுப்பூசிக்கு வந்தது. பாட்டிதான் தூக்கிக்கொண்டு வந்தார். வெறுங்கால். நடுவிரலின் அடியில் நகக்குறி மாதிரி மெல்லிசாக ஒரு தழும்பு. நான் தொட்டுப் பார்ப்பதற்குள் குழந்தை காலை இழுத்து, அந்த விரலையே வாயில் வைத்துக்கொண்டது.